தவளை தன் வாயால்

எங்கள் வீட்டில் பழமொழி பேச்சை வளர்க்க வந்ததில்லை, நிறுத்தத்தான் வந்தது. பொங்கி வரும் பாலில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் அடங்குமே, அப்படி. அப்பாயி ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த விஷயத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் பழமொழியை எதிர்த்து என்ன பேசுவது? அதைச் சொன்னது அப்பாயி இல்லையே. ஊரும் உலகமும் சொல்லிவைத்ததை அவள் எடுத்துத் தருகிறாள், அவ்வளவுதான்.

அப்படிச் சொன்னவற்றில் ஒன்று மட்டும் என்னிடம் நாற்பது வருடமாகத் தங்கிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், ஐப்பசி மழை. அத்தையைப் பெண் பார்க்க நான்கு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரைஸ்மில் வைத்திருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். காப்பி கொண்டுவந்து வைத்த அத்தை திரும்பி உள்ளே போகாமல் நின்று, “மில்லு சொந்தமா, இல்ல கணக்கு எழுதுறீங்களா?” என்று கேட்டுவிட்டாள். கணக்குதான் எழுதினார் என்பது அப்புறம் தெரிந்தது. ஆனால் வந்தவர்கள் அன்றைக்கே எழுந்து போய்விட்டார்கள். வண்டி தெரு திரும்பியதும் அப்பாயி சொன்னாள்: “தவள தன் வாயால கெடும்.”

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வயலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். பழமொழியும் வயலும் ஒரே நேரத்தில் காதில் விழுந்ததால், அது உவமை என்றே எனக்குத் தோன்றவில்லை. வெளியே இருக்கிற தவளைகளைப் பற்றித்தான் அப்பாயி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைக் கவிதையாக எழுத வேண்டும் என்று தோன்றியது மிகவும் பின்னால். எழுதி முடிக்க ஓர் ஐப்பசியிலிருந்து அடுத்த ஐப்பசி வரை ஆனது. பதினான்கு வரிக் கவிதைக்கு ஒரு வருடமா என்று சிரிக்கலாம். அந்த ஒரு வருடத்தில் பெரும்பகுதி, பழமொழியோடு எப்படி மல்லுக்கு நிற்பது என்பதிலேயே போனது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் எழுதியது இது. பத்து நிமிடத்தில் வந்தது, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தவளை தன் வாயால்
கெடும் என்றீர்கள்.
தவளை
தன் வாயால்தான்
வாழ்கிறது.

தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். “பட்டிமன்றத்துல கைதட்டுவாங்க” என்றார். அவர் பாராட்டவில்லை என்பது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

இதில் என்ன கோளாறு? பழமொழியைத் தலைகீழாக்கியிருக்கிறேன். ஆனால் தலைகீழாக நிற்கும் பழமொழியும் பழமொழிதான். ‘கெடும்’ இருந்த இடத்தில் ‘வாழ்கிறது’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தீர்ப்பு போய் இன்னொரு தீர்ப்பு வந்தது. அப்பாயி பேச்சை நிறுத்தியது போலவே நானும் நிறுத்துகிறேன், ஆள்தான் வேறு. கேட்டவர் “ஆமாம்ல” என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். இதை அறிய எனக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. கவிதையின் கடைசி வரியை மட்டும் பிய்த்து ஆட்டோவின் முதுகில் எழுதினால் நன்றாக இருக்குமா என்று பார்ப்பேன். நன்றாக இருந்தால் நான் கவிதை எழுதவில்லை, ஆட்டோவுக்கு வாசகம் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு வகைக் கோளாறு வாட்ஸாப்பில் தினமும் வருகிறது. ‘நாம் தவறாகப் புரிந்துகொண்ட பழமொழிகள்’ என்று தலைப்பு இருக்கும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது குதிரை இல்லையாம், மண் குதிர், அதாவது ஆற்றில் திட்டாகத் தெரியும் மணல்மேடாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் இல்லையாம், ஆயிரம் வேரைக் கொண்டவனாம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது சஷ்டி விரதமாம், அகப்பை கருப்பையாம். சிலது உண்மையாக இருக்கலாம், பலது சொற்சிலம்பம். அது என் சண்டை இல்லை. இவற்றிலும் பழமொழியின் பொருள் மாறத்தான் செய்கிறது. ஆனால் எதற்காக மாறுகிறது? ‘இதுதான் சரியான பொருள்’ என்று சொல்லி முன்னைவிட இறுக்கமாகப் பூட்டுவதற்காக. பூட்டு மாறியிருக்கிறது, கதவு திறக்கவில்லை. தனிப்பட்ட முறையில் எனக்கு மண்குதிரையே போதும். நனைந்து கரையும் காலோடு ஒரு குதிரை ஆற்றில் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது, மணல்திட்டில் அந்தக் காட்சி கிடையாது.

சரி, பழமொழி ஏன் இப்படிப் பூட்டிக்கொண்டே இருக்கிறது என்று யோசித்தபோது தொல்காப்பியம் கைகொடுத்தது. செய்யுளியலில் முதுமொழிக்கு ஒரு நூற்பா இருக்கிறது. நுண்மை, சுருக்கம் என்று அதன் குணங்களைச் சொல்லிக்கொண்டு போய், “குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி என்ப” என்று முடியும். குறித்த பொருளை முடிப்பதற்கு வருவது. அதற்குக் காரணமாகக் காட்டப்படுவது. எங்கள் அப்பாயிக்குத் தொல்காப்பியம் தெரியாது, ஆனால் முடிப்பதற்கு வருவது என்பது அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

பழமொழி நானூறும் இதையே செய்து காட்டுகிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, முன்றுறையரையனார் பாடியது. ஒவ்வொரு வெண்பாவும் ஒரு பழமொழியில் போய் முடியும். எங்கள் தவளையும் அதில் இருக்கிறது, நுணல் என்ற பெயரில்.

பொல்லாத சொல்லி மறைந்தொழுகும் பேதைதன்
சொல்லாலே தன்னைத் துயர்ப்படுக்கும் – நல்லாய்
மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்
நுணலும்தன் வாயால் கெடும்.

தீயதைப் பேசிவிட்டு ஒளிந்து திரிகிற முட்டாள் தன் சொல்லாலேயே மாட்டிக்கொள்வான், மணலுக்குள் மறைந்து கிடக்கிற தவளை தன் சத்தத்தால் மாட்டிக்கொள்வதைப் போல. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இப்போது திரும்பப் படித்தபோது இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன்.

ஒன்று, இந்த வெண்பா பேசுகிற எல்லாரையும் பற்றிச் சொல்லவில்லை. பொல்லாததைச் சொல்லிவிட்டு மறைகிறவனைப் பற்றித்தான் சொல்கிறது. அத்தை பொல்லாததைச் சொல்லவில்லை, மறையவும் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். ஆக, அப்பாயியின் வாய்க்கு வருவதற்குள்ளேயே அந்தப் பழமொழி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வெண்பாவின் முன்பாதி உதிர்ந்து, கடைசி அடி மட்டும் தனியாக நடந்து, யாரை வேண்டுமானாலும் அடக்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. பழமொழியின் பொருளை நான் புதிதாகத் திருப்பப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே திரும்பித் திரும்பித்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டு, ‘நல்லாய்’. நல்ல பெண்ணே என்று விளிக்கிறார். இதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஆகா, இந்தப் பழமொழி அப்போதே ஒரு பெண்ணிடம்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்று எழுதிவிடலாம் போலிருந்தது. நண்பர் தடுத்தார். அது மகடூஉ முன்னிலை, வெண்பாவில் தனிச்சொல் நிரப்பவும் எதுகை சேர்க்கவும் ஆயிரம் முறை வந்திருக்கிற மரபு, அதில் இவ்வளவு பாரம் ஏற்றாதே என்றார். சரிதான். பொல்லாத, சொல்லாலே, நல்லாய் என்று எதுகை வரிசையாக நிற்கிறது. ஏற்றவில்லை. ஆனாலும் அந்தச் சொல் மனதின் ஓரத்தில் கிடக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது முறை எழுதியதை முழுக்கத் தரமாட்டேன், நீளம் அதிகம், கூச்சமும் அதிகம். அதில் தவளைதான் அத்தை. மழையை அழைக்கிற தாய்த் தவளை, குரலை விழுங்கச் சொல்லும் பாம்புகள், கடைசியில் வற்றிய குளம், ஊமையாகிப்போன ஒரு பெண். எழுதும்போது கண்ணெல்லாம் கலங்கியது. அதுவும் ஓர் எச்சரிக்கைதான் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்தக் கவிதையைச் சித்தப்பா மகள் ஒரே வாக்கியத்தில் சாய்த்துவிட்டாள். அவள் விலங்கியல் படித்தவள். “அண்ணே, கத்துறது ஆம்பளத் தவளண்ணே.” இணையைக் கூப்பிட மழைக்காலத்தில் குரல் கொடுப்பது ஆண்தான். பெரும்பாலான தவளை இனங்களில் பெண் அப்படிக் கத்துவதில்லை. என் தாய்த் தவளை அந்த நொடியில் செத்தது.

தகவல் தவறு என்பது மட்டும் இல்லை. தவளை, அத்தை, பாம்பு, ஊர் என்று நான் சமன்பாடு போட்டிருந்தேன். பழமொழியே ஒரு உவமை. அதன் மேல் நான் இன்னொரு உவமையை ஏற்றிவைத்தால் இரண்டும் சேர்ந்து அத்தையை அமுக்கிவிடும். அப்புறம் இன்னொரு பொய்யும் இருந்தது. அத்தை ஊமையாகிப்போகவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கும்பகோணத்தில் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. அங்கே போயும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ‘கெடும்’ என்பதை மறுக்கப் போய், கவிதை உருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக நானே அத்தையைக் கெடுத்துவைத்திருந்தேன். பழமொழி சொன்ன தீர்ப்பை நான்தான் நிறைவேற்றியிருக்கிறேன்!

தங்கச்சி அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. தவளை கத்தும்போது வாய் மூடித்தான் இருக்கும். நுரையீரலிலிருந்து காற்று குரல்வளை வழியாக வந்து தொண்டைப் பையை உப்பச் செய்யும், திரும்ப நுரையீரலுக்கே போகும். உள்ளுக்குள்ளேயே காற்று போய் வந்துகொண்டிருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக மூச்சு இழுக்க வேண்டியதில்லை. அந்தப் பை சத்தத்தை வெளியே பரப்பும்.

அப்படியென்றால் தவளை தன் வாயால் கெடுவதில்லை. வாயை அது திறக்கவே இல்லையே.

இதைக் கேட்டதும் எழுத உட்காரவில்லை, முதலில் பார்க்கப் போனேன். இப்போது நான் இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். டார்ச்சோடு போனேன். காலடி கேட்டதும் அத்தனையும் நின்றுவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுக் கொசுக்கடியில் பத்து நிமிடம் நின்றேன். தூரத்து மூலையில் ஒன்று ஆரம்பித்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் என் காலடியிலேயே. மெதுவாக வெளிச்சம் போட்டேன். பெரிய தவளை, மஞ்சளாக இருந்தது. நம் ஊர்ப் பெரிய தவளையின் ஆண் மழைக்காலத்தில் இப்படித்தான் மஞ்சளேறும், தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகள் தெரியும். அவை உப்பின, அடங்கின, உப்பின. வாய் சாத்திய கதவு மாதிரி இருந்தது.

அங்கேதான் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் மழை இரவுகளில் இரண்டு மூன்று பேர் சாக்கும் விளக்குமாக எங்கள் வயல் பக்கம் வருவார்கள். தவளைக் கால் அப்போது வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. 1987இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அவர்கள் சத்தம் வரும் திசை பார்த்து நடப்பார்கள், வெளிச்சத்தில் கண் கூசித் தவளை அசையாமல் இருக்கும், எடுத்துச் சாக்கில் போடுவார்கள். பழமொழியை அதன் சொல்படியே நிறைவேற்றிக்கொண்டு வயலுக்குள் சிலர் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நான் அதை மறந்துபோய் உவமை தேடிக்கொண்டிருந்தேன்.

பழமொழியைப் பக்கவாட்டில் திருப்புவது என்று நான் சொல்வது இதைத்தான். அதை மறுப்பது தலைகீழாக்குவது. அதற்கு வேறு பொருள் கற்பிப்பது உறை மாற்றுவது. பக்கவாட்டில் திருப்புவது என்றால், பழமொழி தன் வேலைக்காக வாடகைக்கு எடுத்துவந்த பொருளை, இங்கே தவளையை, அதன் இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டுப் பார்ப்பது. மனிதருக்குப் பாடம் சொல்வதற்காகத்தான் அது கூடத்துக்கு வந்தது. வயலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பார்த்தபடி அது கூடத்துப் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், அத்தையாக மாறத் தேவையில்லை. வெண்பாவில்கூட எனக்கு இப்போது மிகவும் பிடித்தது மூன்றாம் அடிதான். ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்’ என்ற இடத்தில் ஒரு கணம் நுணல் யாருக்கும் பாடம் சொல்லாமல் சும்மா கிடக்கிறது. அடுத்த அடியின் ‘உம்’ வந்து அதை எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடுகிறது. நுணலும் என்றால், அதுவும் உன்னைப் போலத்தான் என்று அர்த்தம். அந்த ஓர் ‘உம்’மை எடுத்துவிட்டால் தவளை வெறும் தவளையாகிவிடும். அப்பாயி சொன்ன வடிவத்தில் நல்லவேளையாக ‘உம்’ இல்லை.

பொருள் கிடைத்துவிட்டது. இனி பழமொழியை எங்கே வைப்பது? கடைசியில் வைத்தால் வெண்பா போல முடித்துவிடும். முதலில் வைத்தால் தலைப்பு போலத் தொங்கும், மற்ற வரிகள் அதற்கு விளக்கவுரை ஆகிவிடும். மாதக்கணக்கில் இங்கேதான் சிக்கிக் கிடந்தேன்.

வழி இலக்கணத்தில் இருந்தது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். பழமொழியின் தீர்ப்பு பெரும்பாலும் அந்தக் கடைசி வினையில்தான் உட்கார்ந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. குரைக்கிற நாய் கடிக்காது. அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிப் பாருங்கள். யானைக்கும் அடி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு. குரைக்கிற நாய். படம் அப்படியே இருக்கிறது, தீர்ப்பு மட்டும் காணோம். வாக்கியம் வாயைத் திறந்துகொண்டு ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது.

தவளை தன் வாயால்.

‘வாயால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ ஒரு கருவியைக் காட்டுகிறது. கருவி கையில் இருக்கிறது, என்ன செய்தது என்று இன்னும் சொல்லப்படவில்லை. கெடும் என்றும் முடிக்கலாம், கூப்பிடும் என்றும் முடிக்கலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பழமொழி தெரிந்த வாசகர் ‘கெடும்’ என்பதை மனதுக்குள் தானே சொல்லிவிடுவார், தடுக்க முடியாது. அப்பாயி சொன்னதாக நான் எழுதவில்லை, வாசகர்தான் சொல்கிறார். அந்தத் தீர்ப்பில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. முதல் கவிதையில் ‘என்றீர்கள்’ என்று எல்லாரையும் விரல் நீட்டிக் குற்றம் சாட்டினேனே, அதைவிட இது சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

எல்லாப் பழமொழிக்கும் இது நடக்காது. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதில் வினையை வெட்டினால் ‘பொறுத்தார் பூமி’ என்று நிற்கும். திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு அதில் ஒரு தவளையும் இல்லை, சுரைக்காயும் இல்லை. கண்ணால் காணக்கூடிய ஒன்று உள்ளே இருக்க வேண்டும். காக்கையின் பொன்குஞ்சு போல அது இருந்தாலும் சிலது தேய்ந்துவிட்டது. அந்தக் கூட்டில் குயில் குஞ்சைக் கொண்டுபோய் வைக்காத கவிஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. நானும் வைத்திருக்கிறேன், கல்லூரி மலரில்.

மூன்றாவது வடிவம் இப்படி வந்தது.

தவளை தன் வாயால்
என்று தொடங்கினாள் அப்பாயி.

கூடத்தில்
நான்கு டம்ளர் ஆறிய காப்பி.

ஐப்பசி.
பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு
வழி சொல்லிக்கொண்டிருந்தது வயல்.

சாக்கு நிறைந்துகொண்டே வந்தது.
சத்தம் அப்படியே இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன்.
தொண்டையில் இரண்டு நீலப் பைகள்
உப்பி உப்பி அடங்கின.
வாய்
மூடியிருந்தது.

இதில் அத்தை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இருந்தாள். ‘அத்தை திண்ணையில் இருந்தாள்’ என்று ஒரு வரி கடைசி வாரம் வரை இருந்தது. அந்த வரி இருந்தவரை ‘வாய் மூடியிருந்தது’ என்பது உடனே அத்தையின் வாயாகிவிட்டது, இரண்டாம் கவிதையின் சமன்பாடு கொல்லைப்புற வழியாகத் திரும்ப வந்துவிட்டது. எடுத்ததும் அந்த மூடிய வாய்க்கு ஒரே சொந்தக்காரர் என்று யாரும் இல்லாமல் போனது. தவளையுடையது, அது நிச்சயம். மற்றபடி சொல்ல வந்ததை முடிக்காத அப்பாயியுடையதாகவும் இருக்கலாம், பார்த்துக்கொண்டு நின்ற பையனுடையதாகவும் இருக்கலாம்.

‘சத்தம் அப்படியே இருந்தது’ என்பதற்கு முதலில் ‘சத்தம் ஓயவில்லை’ என்று எழுதியிருந்தேன். ஓயவில்லை என்றதும் அதில் ஒரு வீரம் வந்துவிடுகிறது, கொடி பிடிக்கிறது. தவளைக்கு அந்த வீரமெல்லாம் கிடையாது, இணை வேண்டும், அவ்வளவுதான். பிடிபட்டவை போக மீதி கத்தின.

ஒரு பொய் மட்டும் இருக்கிறது. ஒன்பது வயதில் நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தது நாற்பது வருடம் கழித்து, வேறு ஊரில், காலி மனையில். நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “ரெண்டு தண்ணியும் ஒண்ணுதானே” என்றார். அவருடைய தீர்ப்புகளில் நான் மேல்முறையீடு செய்யாதது இது ஒன்றுதான்.

ஒரு சின்னக் கூட்டத்தில் இதைப் படித்தபோது எதிர்பாராத இடத்தில் இடித்தது. முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவி, “தவளை தன் வாயால் என்ன சார்?” என்று கேட்டாள். அவளுக்குப் பழமொழி தெரியாது. பாதியைச் சொன்னால் மீதியை வாசகர் முடிப்பார் என்பதுதான் என் மொத்த ஏற்பாடும். அவளிடம் மீதி இல்லை. என்னடா இது என்றாகிவிட்டது. நீ எப்படிப் புரிந்துகொண்டாய் என்று கேட்டேன். முதல் வரியில் நின்றுபோன வாக்கியம் கடைசி வரியில்தான் முடிகிறது என்று நினைத்தாளாம். பாட்டி ஏதோ கதை சொல்லத் தொடங்குகிறாள், தவளை தன் வாயால் என்ன செய்தது என்று கவிதை முழுக்கத் தேடிக்கொண்டே வந்தாளாம், கடைசியில் அது வாயால் ஒன்றுமே செய்யவில்லை என்று தெரிகிறதாம். தப்பா சார் என்றாள். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழமொழி முழுசாக மறந்துபோன ஒரு காலத்தில் இந்தக் கவிதை அவள் படித்தது போலத்தான் படிக்கப்படும் என்று நினைக்கிறேன். நான் திருப்பிய திருப்பம் யாருக்கும் தெரியாது.

போன தைப்பொங்கலுக்குக் கும்பகோணம் போனபோது அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் வாங்கி அவளே இன்னொரு முறை படித்தாள். அப்பாயி என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இரண்டாவது பத்திக்கு நகர்ந்தது.

“இது தப்புடா.”

“எது அத்தை?”

“ஆறின காப்பின்னு எழுதியிருக்க. எங்க ஆறுச்சு? நாலு பேரும் குடிச்சுட்டுத்தான் போனாங்க. அந்தத் தரகன் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிக் குடிச்சான்.”

அங்கேயே பேனாவை எடுத்து அடித்துவிட்டு மாற்றினேன். இப்போது அந்த வரி ‘நான்கு டம்ளரும் காலி’ என்று இருக்கிறது.